மழைக்கு முன்பே வீட்டுக்குள் காத்திருக்கும் டெங்கு கொசு முட்டைகள்: தொட்டியைத் தேய்க்கச் சரியான நேரம் எது?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கோடை முடிந்து முதல் இடிமழை பெய்தால், பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்குள் பகலில் கடிக்கும் கொசு வந்துவிடும். காலில் வெள்ளை வரி, முதுகில் வெள்ளைக் கோடு. டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி.

'மாசக்கணக்கா வெயில் காய்ஞ்சுது, தொட்டியெல்லாம் வறண்டு கிடந்துச்சு. அப்புறம் இந்தக் கொசு எங்கிருந்துதான் வருது?' என்று கேட்காதவர்கள் இல்லை. வெளியூரிலிருந்து பறந்து வந்திருக்கும், ஏரியிலிருந்து வந்திருக்கும் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

உண்மையில் அதில் பெரும் பகுதி எங்கிருந்தும் வரவில்லை. அந்த வீட்டின் காலித் தொட்டியிலும், பின்பக்கம் சாய்த்து வைத்த டிரம்மிலும், கூரை ஓரம் கிடந்த பழைய டயரிலும் முட்டையாக ஒட்டிக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தது. டெங்கு தடுப்பு வேலையை எந்த மாதத்தில் செய்தால் பலன் கிடைக்கும், எந்த மாதத்தில் செய்தால் வெறும் புகைதான் மிஞ்சும் என்பதை முடிவு செய்வது இந்த முட்டைதான். விரிவாகப் பார்க்கலாம்.

தண்ணீரில் அல்ல, தண்ணீருக்கு மேலே

சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு, நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, சின்னத் தெப்பம் மாதிரி தண்ணீரின் மேல் மிதக்கவிடும். அந்தத் தண்ணீர் வற்றினால் முட்டைகள் சில மணி நேரத்தில் காய்ந்து செத்துவிடும்.

ஏடிஸ் கொசுவின் பழக்கம் வேறு. அது தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமாக இருக்கும் உள்சுவரில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை. அதையும் ஒரே பாத்திரத்தில் இடாது. தொட்டியில் கொஞ்சம், பக்கத்து டிரம்மில் கொஞ்சம், பூந்தொட்டித் தட்டில் கொஞ்சம் என்று பிரித்து இடும். அதனால் ஒரு பாத்திரத்தை மட்டும் சுத்தம் செய்தால் வேலை முடியாது.

இட்டவுடன் முட்டை வெள்ளையாக இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கருத்துவிடும். நீளம் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பார்த்தால் சுவரில் ஒட்டிய கருப்பு மணல் துகள் போல இருக்கும். சொரசொரப்பான சிமெண்ட் சுவரில் கண்ணுக்கே படாது.

காய்ந்தாலும் சாகாதது எப்படி?

முதல் அரை நாள்தான் முட்டைக்கு ஆபத்தான நேரம். அதற்குள் சுவர் முழுக்கக் காய்ந்துவிட்டால் முட்டை சுருங்கிச் செத்துவிடும். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால், வளரும் கரு தன்னைச் சுற்றி, ஓட்டுக்கு உள்பக்கமாக, இன்னொரு மெல்லிய உறையை உருவாக்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காப்பது முக்கியமாக இந்த உறைதான்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சுவரில் லேசான ஈரப்பதம் இருந்தால் போதும். உள்ளே புழு முழுமையாக வளர்ந்துவிடும். வளர்ந்தும் வெளியே வராது. ஓட்டுக்குள்ளேயே மிகக் குறைந்த சக்தியைச் செலவழித்துக்கொண்டு தண்ணீர் வரும் வரை காத்திருக்கும். இப்படிப் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். ஆய்வகத்தில் ஒரு வருடத்தைத் தாண்டியும் முட்டைகள் உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது.

இது ஆய்வகத்தில் மட்டும் நடக்கும் விஷயமில்லை. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் வறண்ட பருவம் முழுவதும் ஏடிஸ் முட்டைகள் வெவ்வேறு இடங்களில் எப்படிப் பிழைக்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரை 1972-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. மழையே இல்லாத மாதங்களைக் கடந்தும் பொரியக்கூடிய முட்டைகள் அங்கே இருந்தன. நம் ஊரில் ஜனவரி முதல் மே வரையிலான காய்ந்த காலமும் கிட்டத்தட்ட அதே நீளம்தான்.

கத்திரி வெயில் எல்லாவற்றையும் கொன்றுவிடாதா?

நிறையக் கொல்லும். நேரடி வெயிலில் கிடக்கும் தகர டப்பா மதியத்தில் தொட முடியாத அளவு சுடும். அதில் ஒட்டிய முட்டைகளில் பெரும்பாலானவை தப்பாது. மீதி இருப்பதில் ஒரு பங்கை எறும்பும் கரப்பானும் தின்றுவிடும்.

ஆனால் முட்டை இருக்கும் இடங்கள் பெரும்பாலும் நிழலான இடங்கள். மாட்டுக்கொட்டகை ஓரத்துத் தொட்டி, மரத்தடியில் கிடக்கும் ஆட்டுக்கல், டயரின் உள்வளைவு, பாதி மூடிய சம்ப் என வெயில் நேராக விழாத, காற்றில் கொஞ்சம் ஈரம் நிற்கும் இடங்களில் முட்டை நீண்ட நாள் தாங்கும். மூடியில் ஓட்டை இருக்கிற நிலத்தடி சம்ப் இந்த வகையில் முட்டைக்குக் குளிர்ச்சியான சேமிப்பு அறை மாதிரி.

நூறு முட்டையில் தொண்ணூறு செத்து, பத்து மட்டும் பிழைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெண் என்றால் ஐந்து பெண் கொசு. ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் சில தடவை முட்டையிடும். கொசுக் கூட்டம் மறுபடி பெருக இவ்வளவு போதும்.

மழை வந்ததும் என்ன நடக்கிறது?

தண்ணீர் மட்டம் ஏறி முட்டையை மூழ்கடிக்கிறது. தொட்டியில் கிடந்த இலை, தூசு எல்லாம் ஊறத் தொடங்கியதும் அதில் பாக்டீரியா பெருகும். பாக்டீரியா பெருகப் பெருகத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். இந்தக் குறைவுதான் முட்டைக்குள் இருக்கும் புழுவுக்கு 'வெளியே சாப்பாடு இருக்கிறது' என்று தெரிவிக்கும் சமிக்ஞை. புழு ஏற்கெனவே வளர்ந்து தயாராக இருப்பதால், மூழ்கிய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ ஓட்டை உடைத்து வெளியே வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: எல்லா முட்டையும் முதல் மழையிலேயே பொரிவதில்லை. ஒரு பகுதி முதல் தடவை நனைந்ததும் பொரியும். மீதி இன்னொரு முறை காய்ந்து, இன்னொரு முறை நனைந்த பிறகுதான் பொரியும். முதல் மழை ஏமாற்றிவிட்டுப் போனாலும் மொத்தக் குடும்பமும் அழியாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. 'போன வாரம்தான் தொட்டியைக் கவிழ்த்தோம், மறுபடி எப்படிப் புழு வந்தது?' என்ற கேள்விக்கான பதிலும் இதில் இருக்கிறது. தண்ணீர் போனது, சுவரில் ஒட்டிய முட்டை போகவில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு: மழையிலிருந்து காய்ச்சல் வரை

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமெண்ட் தொட்டி. பிப்ரவரியில் ஒரு கொசு அதன் உள்சுவரில் முட்டையிட்டது. மார்ச்சில் அந்தத் தொட்டியைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டார்கள். ஏப்ரலில் தொட்டி காய்ந்துபோனது. மேலே வேப்ப மரத்து நிழல் இருந்ததால் முட்டைகளில் கொஞ்சம் தப்பித்தது.

ஜூலை 10 சாயங்காலம் நல்ல இடிமழை. தொட்டியில் தண்ணீர் நின்றுவிட்டது. முட்டைகள் அன்றிரவோ மறுநாளோ பொரிந்துவிடும். நம்ம ஊர் வெப்பத்தில் புழு, கூட்டுப்புழு என்ற இரண்டு பருவத்தையும் தாண்ட ஏறக்குறைய எட்டு நாள். அதாவது ஜூலை 18 வாக்கில் கொசு பறக்கத் தொடங்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில், ஜூலை 21-க்குள், பெண் கொசு முதல் தடவை கடிக்கும்.

அந்த நேரத்தில் தெருவில் ஒருவர் வெளியூரிலிருந்து டெங்கு காய்ச்சலோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி எச்சில் சுரப்பி வரை போய்ச்சேர 8 முதல் 12 நாள் ஆகும். ஆக, ஜூலை 29-லிருந்து ஆகஸ்ட் 2-க்குள் அந்தக் கொசு அபாயமானதாக மாறுகிறது. அது கடிக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் தெரிய இன்னும் 4 முதல் 10 நாள் ஆகும். அதாவது ஆகஸ்ட் 2-லிருந்து 12-க்குள்.

மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து வாரம். இந்த இடைவெளியில் ஊரே அமைதியாகத்தான் இருக்கும். மருத்துவமனையில் கூட்டம் இருக்காது, செய்தியில் வராது.

ஆனால் அந்த அமைதிக்குள் இன்னொன்று நடந்துவிடும். ஜூலை 21-ல் ரத்தம் குடித்த கொசு, மூன்று நாளில் அடுத்த தொகுதி முட்டையை இட்டுவிடும். அடுத்தடுத்த மழையில் அது பொரிந்து, ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே இரண்டாம் தலைமுறை பறக்கத் தொடங்கும். முதல் குழந்தைக்கு டெங்கு என்று ரிப்போர்ட் வரும் நாளில், அதைப் பரப்பிய கொசுவின் பிள்ளைகள் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கும்.

'கேஸ் வந்த பிறகு நடவடிக்கை' என்பது ஏன் எப்போதும் ஒரு படி பின்தங்கியே இருக்கிறது என்பதற்கு இந்தத் தேதிகளே போதும்.

2017-ல் தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத நிலையில், வீடுகளில் குடம், டிரம், தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். வறட்சி என்றால் கொசு குறையும் என்று நினைப்போம். ஏடிஸ் விஷயத்தில் இது தலைகீழ். வீட்டுக்குள் சேமித்த தண்ணீர்தான் அதற்கு வேண்டியது. மட்டம் ஏறி இறங்கும் ஒவ்வொரு பாத்திரமும் முட்டை ஒட்டும் சுவர்.

அதன் பிறகு வந்த தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட அதிகமாக மழை பெய்தது. டெங்கு வேகமெடுத்தது. அக்டோபரில் நிலைமையை ஆய்வு செய்ய மத்தியக் குழு வந்தது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது அக்டோபர் 27-ல்தான். அதாவது 'மழைக்காலம்' என்று நாம் பொதுவாகச் சொல்வது தொடங்கும் முன்பே டெங்கு உச்சத்தில் இருந்தது.

தேசிய அளவில் நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் திட்டத்தின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 2016-ல் பதிவான டெங்கு பாதிப்பு 2,531. 2017-ல் அது 23,294 ஆனது. 65 பேர் உயிரிழந்தார்கள். இவ்வளவுக்கும் காய்ந்த முட்டை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வைரஸின் வகை, மக்களின் எதிர்ப்புசக்தி, தண்ணீர் சேமிப்பு என்று பல காரணங்கள் சேர்ந்தே இப்படி ஒரு பரவல் நடக்கும். ஆனால் காலண்டர் விஷயத்தில் இது தெளிவாகச் சொல்லும் பாடம் ஒன்று இருக்கிறது. எண்ணத் தொடங்க வேண்டிய நாள் அக்டோபரில் இல்லை. கோடைக்குப் பிறகு தொட்டி நிறையும் முதல் மழைதான் அந்த நாள்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். வட தமிழகத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேர இடிமழை சகஜம். இரண்டு மழைக்கு நடுவில் ஒரு வாரம் பத்து நாள் வெயிலும் அடிக்கும். நனைவது, காய்வது, மறுபடி நனைவது. தவணை முறையில் பொரியும் முட்டைக்கு இதைவிடத் தோதான காலம் இல்லை.

ஏரியும் வயலும் காரணமா?

உத்திரமேரூர் என்றாலே ஏரிதான். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டிலேயே ஏரி வாரியம் பற்றிப் பேசும் ஊர் இது. அதனால் கொசு என்றதும் பழி ஏரி மீதும் நெல் வயல் மீதும் விழுவது வழக்கம்.

ஏரியிலும் வயலிலும் வேறு கொசுக்கள் வளரும், அவை வேறு நோய்களைப் பரப்பும். ஏடிஸ் எஜிப்திக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. அதற்கு வேண்டியது மனிதர்கள் இருக்கும் வீட்டை ஒட்டிய சின்னப் பாத்திரமும் ஓரளவு சுத்தமான தண்ணீரும்தான். பறக்கும் தூரமும் குறைவு. பெரும்பாலான கொசுக்கள் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். ஆக, நம்ம வீட்டில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கு விலாசம் பெரும்பாலும் நம்ம வீடு, இல்லையென்றால் அக்கம்பக்கத்து வீடு.

புகையும் மருந்தும் ஏன் போதாது?

ஃபாகிங் எனப்படும் கொசுப் புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கொசு பெரும்பாலும் தப்பிவிடும். முட்டைக்குப் புகையால் ஒன்றும் ஆகாது.

அபேட் மருந்து என்று ஊரில் சொல்லும் டெமிபாஸ், தண்ணீரில் இருக்கும் புழுவைக் கொல்லும். தண்ணீருக்கு மேலே காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டையை அது கொல்லாது. முட்டை பொரிந்து புழுவாகும் நேரத்தில் தண்ணீரில் மருந்தின் வீரியம் மிச்சம் இருந்தால்தான் பலன். தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பினால் மருந்தும் போய்விடும்.

தெருவோரம் தூவும் பிளீச்சிங் பவுடரால் இந்தக் கொசுவுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. முட்டை இருப்பது வீட்டுக்குள், தொட்டியின் சுவரில்.

ஆய்வுப் பணியிலும் இதே சிக்கல் இருக்கிறது. வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பாத்திரத்தில் புழு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதை வைத்துத்தான் அபாயம் கணக்கிடப்படுகிறது. மே மாதத்தில் தொட்டி காய்ந்து கிடக்கும்போது இந்தக் கணக்கு பூஜ்ஜியத்துக்கு அருகில் வரும். தாளில் ஊர் சுத்தம். சுவரிலோ முட்டை அப்படியே இருக்கும். காய்ந்த பாத்திரத்தையும் பட்டியலில் சேர்த்து எண்ணினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

அப்படியானால் எப்போது, என்ன செய்வது?

முதல் வாய்ப்பு மே கடைசி. கத்திரி முடியும் நேரத்தில், இடிமழை தொடங்கும் முன், வீட்டில் காய்ந்து கிடக்கும் எல்லாத் தொட்டி, டிரம், வாளி, ஆட்டுக்கல், மாட்டுத் தொட்டியின் உள்பக்கத்தையும் தேய்க்க வேண்டும். வருடத்திலேயே கொசுக் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் இதுதான். மொத்தக் குடும்பமும் முட்டையாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஓடவும் முடியாது, பறக்கவும் முடியாது.

இரண்டாவது வாய்ப்பு செப்டம்பர் கடைசி, வடகிழக்குப் பருவமழைக்கு முன். இந்த இரண்டுக்கும் நடுவில், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை, வாரத்தில் ஒரு நாள் தண்ணீர் பாத்திரங்களைக் காலி செய்து தேய்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் என்பது சும்மா சொல்லும் கணக்கு இல்லை. முட்டை பொரிந்து கொசுவாக எட்டு நாள் ஆகும் என்று பார்த்தோம். ஏழு நாளுக்குள் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டினால், எந்தப் புழுவும் பறக்கும் வயதை எட்டாது. பத்து நாளுக்கு ஒரு தடவை செய்தால் அந்த உழைப்பில் பெரும் பகுதி வீண்.

எப்படித் தேய்ப்பது என்பதும் முக்கியம். தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசுவது போதாது. முட்டை பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். தென்னை நார் அல்லது கம்பி நார் வைத்து, வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

சொரசொரப்பான சிமெண்ட் தொட்டிக்கு மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். அங்கேயும் வீட்டுக்கு வீடு சிமெண்ட் துவைப்புத் தொட்டி உண்டு. தொட்டி கழுவ ஏற்கெனவே பயன்படுத்தி வந்த பிளீச்சையும் துணி சோப்புத் தூளையும் கலந்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கும் உள்சுவரில் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். பிளீச், முட்டை ஓட்டையே அரித்துவிடும். 1990-களில் பெண்களோடு சேர்ந்து உருவாக்கிய இந்த முறைக்கு 'லா உன்டாடிட்டா', அதாவது 'சின்னப் பூச்சு' என்று பெயர். நம் சிமெண்ட் தொட்டிக்கும் இது பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கை. பிளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். குடிக்கும் தண்ணீர்த் தொட்டி என்றால் நன்றாகப் பல தடவை அலசிய பிறகே நிரப்ப வேண்டும்.

தேய்த்த தண்ணீரைக் கால்வாயிலோ இன்னொரு பாத்திரத்திலோ ஊற்றக் கூடாது. வெயில் விழும் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும். டயரை உள்ளே தேய்ப்பது நடைமுறையில் முடியாது. கூரைக்குள் வைக்கலாம், அல்லது தண்ணீர் நிற்காதபடி அடியில் ஓட்டை போடலாம். கொட்டாங்குச்சி, பிளாஸ்டிக் கப் போன்றவற்றைத் தேய்க்கத் தேவையில்லை, அப்புறப்படுத்தினாலே போதும்.

முட்டை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். மே மாதத்தில் சந்தேகமான காய்ந்த வாளியையோ டிரம்மையோ எடுத்து, பழைய மட்டத்துக்கு மேல் வரை தண்ணீர் ஊற்றி, நாலைந்து காய்ந்த இலையைப் போட்டு, மேலே துணியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மூன்று நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், பொரிந்திருந்தால் பொடிப்பொடியாகப் புழுக்கள் நெளியும். துணி கட்டியிருந்ததால் புதிதாக எந்தக் கொசுவும் வந்து முட்டையிட்டிருக்க முடியாது. அந்தப் புழுக்கள் போன மழைக்காலத்திலோ கோடைத் தொடக்கத்திலோ இட்ட முட்டையிலிருந்து வந்தவை.

தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, வாளியை உடனே தேய்த்துவிட வேண்டும். ஐந்தாறு நாள் அப்படியே விட்டுவிட்டால் நாமே கொசு வளர்த்த கதை ஆகிவிடும். புழு வரவில்லை என்றால் முட்டையே இல்லை என்று அர்த்தம் இல்லை. எல்லாம் முதல் தடவையிலேயே பொரியாது என்பதால், அந்த வாளியையும் தேய்த்துத்தான் கவிழ்க்க வேண்டும்.

முட்டையிலேயே வைரஸ் இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அரிது. டெங்கு வைரஸ் உள்ள பெண் கொசுவிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கு வைரஸ் போவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அப்படிப் பிறக்கும் கொசு யாரிடமிருந்தும் வைரஸை வாங்காமலேயே பரப்ப முடியும். விகிதம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலான பரவல் மனிதர் வழியாகவே தொடர்கிறது. காய்ச்சல் வந்தவர் முதல் ஒரு வாரம் பகலிலும் கொசுவலைக்குள் இருப்பது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஜூலை 21-ல் கடிக்கக் காத்திருக்கும் கொசுவுக்கு அவரிடமிருந்து வைரஸ் கிடைக்காமல் போனால், மேலே பார்த்த தேதிக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.